வெயில் கொளுத்துகிறது, வீட்டில் மின்சாரம் இல்லை!

மாணவர்களே, கெப்பாலா பத்தாஸில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கூரையில் 400 வாட் சூரியத் தகடுகள் 10 இருக்கின்றன. நல்ல வெயிலில் அவை 4 கிலோவாட் வரை தரும். ஒரு நண்பகலில் அந்த வட்டாரத்தில் மின்தடை ஏற்படுகிறது. அண்டை வீடுகளைப் போலவே இந்த வீட்டிலும் மின்விசிறி நின்றுவிடுகிறது. ஏன்?

தகடுகள் தருவது நேர்திசை மின்னோட்டம். அதை மாறுதிசை மின்னோட்டமாக மாற்றுவது இன்வெர்ட்டர். சாதாரணச் சூரிய இன்வெர்ட்டர் தானாகத் தாளம் போடத் தெரியாத பாடகர் மாதிரி. தெனாகா நேஷனல் கம்பியில் வரும் விநாடிக்கு 50 சுழற்சி என்ற தாளத்தைக் கேட்டுத்தான் அது பாடும். தாளம் நின்றால் உடனே தானும் நின்றுவிடும். இது குறையல்ல, பாதுகாப்பு. நிற்காவிட்டால், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியைப் பழுதுபார்க்கும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து.

1996 ஆகஸ்டு 3-ஆம் தேதி தீபகற்ப மலேசியா முழுவதும் இருளில் மூழ்கியது. தாத்தா, பாட்டியைக் கேளுங்கள், சொல்வார்கள். அப்படி ஒரு நாளில் இந்த வீட்டுக்குக் கைகொடுக்க வேண்டுமானால் மின்கலம் வேண்டும். அதைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி மாறுதிசை இணைப்பு. பழைய இன்வெர்ட்டரைத் தொட வேண்டியதில்லை. மின்கலமும் அதற்கென ஓர் இன்வெர்ட்டரும் வீட்டுக் கம்பியில் சேர்க்கப்படும். இரண்டாவது நேர்திசை இணைப்பு. பழைய இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, தகடுகளையும் மின்கலத்தையும் ஒன்றாகக் கையாளும் கலப்பு இன்வெர்ட்டரைப் பொருத்த வேண்டும். செலவும் வேலையும் இதில் கூடுதல்.

இரவுக்காக 10 யூனிட் சேமிப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வழியில் அந்த மின்சாரம் நேர்திசையிலிருந்து மாறுதிசைக்கும், மின்கலத்துக்காக மீண்டும் நேர்திசைக்கும், இரவில் மறுபடி மாறுதிசைக்கும் மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் வெப்பமாகப் போகும். மின்கலத்துக்குள்ளும் சிறிது போகும். இறுதியில் சுமார் 8.3 யூனிட் மிஞ்சும். இரண்டாவது வழியில் மாறுதிசைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். ஆகவே சுமார் 8.8 யூனிட் கிடைக்கும். அரை யூனிட் வித்தியாசத்துக்காக நன்றாக ஓடும் இன்வெர்ட்டரைத் தூக்கிப் போடுவதா? என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். தவிர, 2021-இல் தொடங்கிய நெம் ரக்யாட் திட்டத்தில் சேர்ந்த வீடுகளுக்கு, கம்பிக்கு அனுப்பும் 1 யூனிட்டுக்கு 1 யூனிட் என்று 10 ஆண்டுகள் கழித்துக்கொள்ளப்படுகிறது. அந்த வீடுகள் மின்கலத்தில் சேமித்தால் அதில் பணம் மிச்சமாகாது. மின்கலத்தின் பயன் மின்தடையில்தான்.

மின்தடையின்போது முதல் வழியில் ஒரு வேடிக்கை நடக்கிறது. மின்கல இன்வெர்ட்டர் முதலில் ஒரு சுவிட்ச் மூலம் வீட்டை வெளிக் கம்பியிலிருந்து பிரித்துவிடும். பிறகு தானே 50 என்ற தாளத்தைப் போடும். அதைக் கேட்டுச் சூரிய இன்வெர்ட்டரும் சில நிமிடங்களில் விழித்துக்கொள்ளும். தகடுகள் 4 கிலோவாட் தர, வீடு 1 கிலோவாட்தான் எடுக்கிறது என்றால் மீதி 3 கிலோவாட் மின்கலத்துக்குப் போகும். மின்கலம் நிரம்பிவிட்டால்? வெளிக் கம்பியும் இல்லை, போக வழி இல்லை. அப்போது மின்கல இன்வெர்ட்டர் தாளத்தைச் சற்று வேகப்படுத்தும்: 50.5, 51, 51.5 என்று. இரண்டு கருவிகளுக்கும் இடையே வேறு பேச்சு இல்லை, இந்தத் தாளம்தான் செய்தி. புதிய சூரிய இன்வெர்ட்டர்கள் அதைப் புரிந்துகொண்டு உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கும். சில பழையவற்றுக்கு அந்த நயம் தெரியாது. அவை சட்டென்று அணைந்து, சில நிமிடம் காத்திருந்து, மீண்டும் எரியும். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் திரையில் அதிர்வெண் பிழை என்று அடிக்கடி வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். மின்கல இன்வெர்ட்டரின் திறன் தகடுகளின் திறனுக்குக் குறையாமல் இருப்பதும் அவசியம். திடீரென ஒரு குளிரூட்டி அணைந்தால் மிஞ்சும் மின்சாரம் முழுவதையும் ஒரு நொடியில் அதுதான் தாங்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் விடியற்காலையில் தெரியும். மின்தடை நீடித்து, இரவிலேயே மின்கலம் முழுதும் தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். காலையில் வெயில் அடிக்கிறது. ஆனால் தாளம் போட மின்கல இன்வெர்ட்டருக்குச் சக்தி இல்லை. தாளம் இல்லாமல் சூரிய இன்வெர்ட்டர் எழாது. தலைக்கு மேல் 4 கிலோவாட் வீணாகிறது, வீடோ இருட்டு! நேர்திசை இணைப்பில் தகடுகள் மின்கலத்தை நேரடியாக ஊட்டுவதால் பெரும்பாலும் இந்த முடக்கம் வருவதில்லை.

அதனால்தான் முதல் வழியில் மின்கலம் பொருத்துபவர்கள், ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் மிஞ்சும்போதே வீட்டுக்குத் தருவதை நிறுத்தும்படி கருவியில் அளவு வைத்துவிடுகிறார்கள். 10 யூனிட் மின்கலத்தில் அந்த 2 யூனிட், மறுநாள் காலையில் தாளத்தைத் தொடங்குவதற்கான இருப்பு.