கீறல் விழாத சூட்கேஸ் என்று சொல்லி விற்கலாமா?

விளம்பரப் படங்களில் சூட்கேஸ் ஒரே மாதிரித்தான் நிற்கும். வெறும் தரை, சில்லுகள் தெரியும்படி சற்றுச் சாய்ந்த கோணம், முழுதாக இழுத்து உயர்த்திய கைபிடி, முகம் பார்க்கக்கூடிய பளபளப்பு. படத்தில் நிற்கும் அந்தப் பெட்டி ஒருநாளும் பயணம் போனதில்லை. ஆனால் அதே படத்தைக் கடை வாசலில் தொங்கவிட்டுக் கண்டியிலும் அக்குறணையிலும் நாம் விற்கும் பெட்டியோ, வேன் கூரையில் கயிற்றால் கட்டப்பட்டு கட்டுநாயக்கா வரை சுமார் 100 கிலோமீற்றர் போக வேண்டியிருக்கிறது. விமானத்தில் ஏறுவது அதற்குப் பிறகுதான்.

உம்ரா சென்று திரும்பிய ஒருவர், வேறொரு கடையில் வாங்கிய பெரிய பெட்டியொன்றை என்னிடம் கொண்டுவந்தார். ‘கீறல் விழாது’ என்ற ஸ்டிக்கர் அதில் இன்னும் ஒட்டியிருந்தது. முன்பக்கம் முழுவதும் கீறல். கீழ் மூலையில் ஒரு வெடிப்பு. அவருடைய கோபம் கீறல் மேல். என் கண் போனதோ மூலைக்கு.

முதலில் கீறலைப் பார்ப்போம். கடின உடல் சூட்கேஸ்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கிலோ, பொலிகார்பனேட்டிலோ, இரண்டும் சேர்ந்த தகட்டிலோ செய்யப்படுகின்றன. விலை கூடிய பொலிகார்பனேட் அடி வாங்கினால் வளைந்து மீளும், இலகுவில் உடையாது. அதனால் அது கீறவும் மாட்டாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் மேற்பரப்பு மென்மையானது. மூக்குக் கண்ணாடி வில்லையைப் பொலிகார்பனேட்டில் செய்யும்போது, கீறாமலிருக்க மேலே தனியாக ஒரு கடினப் பூச்சுக் கொடுக்கிறார்கள் என்பதே இதற்குப் போதுமான சாட்சி. பளபளப்பான பரப்பு கண்ணாடி போல ஒளியைத் திருப்புவதால், சிறு கோடும் பளிச்சென்று தெரியும். சொரசொரப்பான பெட்டியிலும் கீறல் விழத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கீறல் கடையிலேயே தொடங்கிவிடுவதும் உண்டு. மூன்று அளவுப் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக வரும்போது, பாதுகாப்புத் தாள் உரிந்திருந்தால் உரசிவிடும். விலை ஸ்டிக்கரின் பசையைத் தின்னர் போட்டுத் துடைக்கும் பையன்களும் இருக்கிறார்கள். தின்னர் பிளாஸ்டிக்கையே அரித்து, அந்த இடத்தை மங்கவைத்துவிடும். சவர்க்காரத் தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இனி மூலை. அவருடைய பெட்டியின் உட்துணியின் சிப்பைத் திறந்து, உள்ளே கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்தேன். வெளிர் நிறப் பெட்டியாதலால் நடுப்பகுதி மங்கலாகவும், மூலைகள் பிரகாசமாகவும் தெரிந்தன. காரணம் இதுதான். தட்டையான பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் காற்றை உறிஞ்சி இழுத்துத்தான் இந்த உடலைச் செய்கிறார்கள். மூலையில் தகடு அதிகம் இழுபடுவதால் அங்கே மெலிந்துபோகிறது. பெட்டி கீழே விழும்போது முதல் அடி விழுவதும் அந்த மூலையில்தான். ஆகவே கொள்வனவுக்குப் போகும்போது வெளிச்சத்தைப் பிடித்துப் பாருங்கள். கறுப்பு, கடும்நீலப் பெட்டிகளில் இது தெரியாது. அவற்றின் மூலையைப் பெருவிரலால் அழுத்தி, நடுப்பகுதியோடு ஒப்பிடுங்கள். மூலையின் வளைவே அதற்குப் பலம் கொடுக்கும். அப்படியிருந்தும் அது டப்பா மூடிபோல அமுங்கினால் தகடு மிக மெல்லியது. அழுத்திய இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுந்தால் அந்தச் சரக்கை விட்டுவிடலாம்.

சில்லில் பார்க்க வேண்டியது, அது ஆணியால் அடித்திருக்கிறதா, ஸ்குருவால் பூட்டியிருக்கிறதா என்பது. ஸ்குரு என்றால் பிறகு மாற்றிக் கொடுக்கலாம். இன்னொன்று, நம் ஈரக் காற்றில் சிலவகைப் பொலியூரித்தேன் சில்லுகள் ஓடாமல் கிடந்தாலும் சில வருடங்களில் உதிரத் தொடங்கும். 2020 மார்ச்சில் விமான நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்ட பின் தேங்கிய பழைய சரக்கை யாராவது மலிவாகத் தந்தால், சில்லை நகத்தால் அழுத்திப் பார்க்காமல் வாங்கவேண்டாம். கைபிடி சற்று ஆடுவது இயல்பு. ஆனால் நிறைந்த பெட்டியை அதைப் பிடித்துத் தூக்கி பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுங்கள்.

‘கீறல் விழாது’ என்ற ஸ்டிக்கரை உற்பத்தியாளர் ஒட்டியிருந்தாலும், வாடிக்கையாளர் தேடி வருவது நம் கடையைத்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருளின் தரம் பற்றிப் பொய்யாகக் கூறி விற்பதைத் தடைசெய்கிறது. நான் அந்த ஸ்டிக்கரை உரித்துவிட்டு, ‘உடலும் சில்லும் ஒரு வருடம், கீறலுக்கு உத்தரவாதமில்லை’ என்று பில்லில் எழுதுகிறேன். அதை வாசித்த பிறகும் பலர் பளபளக்கும் பெட்டியைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குத் துணி உறையொன்றும் சேர்ந்து விற்பனையாகிறது.