183 பழுதா, ஒரே பழுதா?

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. மேலே வட்டத்துக்குள் 54 என்று ஒரு மதிப்பெண். கீழே சிவப்பு எழுத்தில் நான்கு வரிகள்: Broken links 183, Slow pages 46, Missing title 4, Duplicate content 97. கூடவே, "உங்க வெப்சைட் ரொம்ப மோசமா இருக்கு சார், உடனே சரி பண்ணலேன்னா கூகுள்ல காணாமப் போயிடும்" என்று ஒரு செய்தியும், அதற்கான கட்டணமும்.

பித்தளை விளக்கு விற்கிற ஒரு கடைக்காரருக்கு இது வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் ஆன்லைன் கடையை ஷாப்பிஃபையில் நடத்துகிறார். படத்தைப் பார்த்தால் மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் கோளாறு இருப்பது போலத் தோன்றும். உண்மையில் அவர் கை வைக்க வேண்டிய இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வட்டத்துக்குள் இருக்கும் 54-ஐ முதலில் ஒதுக்கிவிடுங்கள். அது அந்தச் சோதனைக் கருவி தன் கணக்குப்படி தானே போட்டுக்கொண்ட மதிப்பெண். வேறொரு கருவியில் இதே தளம் 80 வாங்கலாம். கூகுள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை.

அடுத்து 183 உடைந்த இணைப்புகள். அழுத்தினால் எங்கும் போய்ச் சேராமல் 404 என்று பிழை காட்டுகிற இணைப்பைத்தான் உடைந்த இணைப்பு என்கிறார்கள். பெரும்பாலான சோதனைக் கருவிகள் இந்தப் பட்டியலை எக்செலில் திறக்கக்கூடிய கோப்பாகத் தரும். அதில் இரண்டு பத்திகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, இணைப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது. மற்றொன்று, அது எந்த முகவரிக்குப் போகிறது. இரண்டாவது பத்தியை அகர வரிசைப்படுத்தினால் விஷயம் வெளிச்சமாகிவிடும். நம் கடைக்காரரின் பட்டியலில் 180 வரிகள் ஒரே முகவரிக்குப் போகின்றன: `/pages/delivery`. டெலிவரி விவரப் பக்கத்தின் முகவரியை யாரோ `/pages/shipping` என்று மாற்றியிருக்கிறார்கள். ஆனால் எல்லாப் பக்கத்தின் அடியிலும் இருக்கும் இணைப்பு பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கிறது. கருவி 180 பக்கங்களைத் திறந்து பார்த்தது, 180 தடவை எழுதி வைத்தது. அடிக்குறிப்பு மெனுவில் ஒரு வரியைத் திருத்தினால் 180-ம் போய்விடும்.

மீதி மூன்றில் ஒன்று, கடையின் லிங்க்ட்இன் பக்கத்துக்கான இணைப்பு. லிங்க்ட்இன் இந்த மாதிரிச் சோதனைக் கருவிகளை உள்ளே விடாமல் 999 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். நீங்கள் பிரவுசரில் அழுத்தினால் ஒழுங்காகத் திறக்கும். ஆகவே அது பழுதே இல்லை. கடைசி இரண்டும் போன தீபாவளிக்கு விற்று நீக்கிய ஒரு பரிசுப் பெட்டிக்குப் போகின்றன. அதே மாதிரி வேறு பெட்டி இருந்தால் பழைய முகவரியிலிருந்து அதற்கு ரீடைரக்ட் போடலாம். ஷாப்பிஃபையில் அதற்கென்றே URL redirects என்ற இடம் இருக்கிறது. இல்லாவிட்டால் இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு 404-ஐ அப்படியே விடலாம். பொருள் இல்லை என்றால் இல்லை என்று சொல்வதில் தவறில்லை. நீக்கிய பொருளையெல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவதுதான் பலர் செய்கிற வேலை. அதை கூகுளும் பெரும்பாலும் 404 போலவே கணக்கில் கொள்ளும். விளக்கு தேடி வந்தவர் முகப்பில் நின்று விழிப்பார்.

அதிகம் பயமுறுத்துகிற வரி Duplicate content. "காப்பி அடித்த பக்கங்கள், கூகுள் தண்டித்துவிடும்" என்பார்கள். ஒரே தளத்துக்குள் ஒரே உள்ளடக்கம் இரண்டு முகவரியில் இருப்பதற்குத் தண்டனை கிடையாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டும், அவ்வளவுதான். ஷாப்பிஃபையில் இது தானாகவே நேரும். ஒரு குத்துவிளக்கை 'பூஜைப் பொருட்கள்' தொகுப்பிலும் 'திருமணப் பரிசு' தொகுப்பிலும் வைத்தால், பல தீம்களில் அதற்குத் தொகுப்பின் பெயரோடு சேர்ந்த கூடுதல் முகவரிகள் உண்டாகும். பக்கம் ஒன்று, வழி மூன்று. எது அசல் என்று கூகுளுக்குச் சொல்ல, பக்கத்தின் மூலத்தில் ஒரு வரி இருக்கும். கணினியில் பக்கத்தைத் திறந்து Ctrl+U அழுத்தி, canonical என்று தேடிப் பாருங்கள்:

```
<link rel="canonical" href="https://example.com/products/kuthuvilakku-9">
```

கூடுதல் முகவரிகளில் போய்ப் பார்த்தாலும் இந்த வரி அசல் பக்கத்தையே காட்டினால் கவலையில்லை. நம் பட்டியலின் 97-இல் 85 இந்த வகை. கடையில் உண்மையில் இருப்பது 95 பக்கங்கள்தான் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. கருவி 180 என்று எண்ணியது இந்த 85-ஐயும் சேர்த்து. மேலே சொன்ன டெலிவரி இணைப்பு 180 ஆகப் பெருகியதும் இதனால்தான்.

மிச்சம் 12-தான் கவனிக்க வேண்டியவை. நான்கு வகை விளக்கு, ஒவ்வொன்றும் மூன்று உயரத்தில், தனித்தனிப் பக்கமாகப் போட்டிருக்கிறார்கள். மொத்த வியாபாரி கொடுத்த ஒரே விவரணை எல்லாவற்றிலும். அளவுகளை ஒரே பக்கத்தில் தெரிவுகளாக வைத்தால் 12 பக்கம் நான்காகும். பழைய முகவரிகளுக்கு ரீடைரக்ட் போட மறக்கக் கூடாது. மறந்தால் அடுத்த சோதனையில் அவை உடைந்த இணைப்பாகத் திரும்பி வரும்.

மெதுவான 46 பக்கங்களும் பொருள் பக்கங்கள். எல்லாம் ஒரே தீம் அச்சில் வார்த்தவை என்பதால் காரணமும் அநேகமாக ஒன்றுதான். கருவியின் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறதோ, அங்கிருந்து எடுத்த நேரம் அது. கூகுளின் pagespeed.web.dev-இல் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, மொபைல் பகுதியில் LCP என்ற அளவைப் பாருங்கள். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ கண்ணுக்குத் தெரிய எடுக்கும் நேரம் அது, 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது. நிஜ வாடிக்கையாளர்களின் கடந்த 28 நாள் அனுபவமும் அதே இடத்தில் வரும். சின்னக் கடை என்றால் போதிய தரவு இல்லாமல் அந்தப் பகுதி காலியாக இருக்கலாம். பொதுவாக மாட்டிக்கொள்வது சாட் பெட்டி, விமர்சன நட்சத்திரம், தள்ளுபடி பாப்-அப் போன்ற ஆப்கள். ஆப்பை நீக்கிய பிறகும் அதன் கோடு தீமில் தங்கிப்போவது உண்டு. அதை டெவலப்பர் ஒருவர்தான் தேடி எடுக்க வேண்டும். இந்த வரிக்கு மட்டும் காசு கொடுப்பது நியாயம்.

தலைப்பில்லாத 4 பக்கங்கள் ஏதோ ஒரு ஆப் உருவாக்கியவை. பத்து நிமிட வேலை. ஆனால் படம் சொல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. ஷாப்பிஃபை பொருளின் பெயரையே தலைப்பாக எடுத்துக்கொள்ளும். பொருளின் பெயர் "BL-204" என்று இருந்தால், தலைப்பு இருக்கிறது என்று கருவி அதைத் தேர்ச்சி பெறவைத்துவிடும். யார் கூகுளில் BL-204 என்று தேடுவார்கள்? "9 அங்குலப் பித்தளைக் குத்துவிளக்கு, ஜோடி" என்று எழுதினால்தான் வாங்குகிறவர் கண்ணில் படும். சிவப்பு வரி எதிலும் வராத இந்த வேலைதான் விற்பனைக்கு அதிகம் உதவும் என்பேன்.

அடுத்த முறை இப்படி ஒரு படம் வந்தால், விலை பேசுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "படம் வேண்டாம், முழுப் பட்டியலை எக்செலில் அனுப்புங்க." பெரும்பாலான கருவிகளில் அதை எளிதாக எடுக்கலாம் என்பதால், முடியாது என்று சொல்ல அவருக்கு நல்ல காரணம் அநேகமாக இருக்காது.