எட்டாத அடிப்பகுதி

புடவை ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. விதிமுறை கடையின் இணையப் பக்கத்தில் அடியில் இருக்கும் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனேன். 'திருப்பி அனுப்புதல்' என்ற எழுத்து ஒரு நொடி தெரிந்தது. தொடுவதற்குள் இன்னும் இருபது புடவைகள் வந்து அதைக் கீழே தள்ளிவிட்டன. நான்கு முறை துரத்தினேன், அது பிடிகொடுக்கவில்லை.

காரணம் எளிது. அடியை நெருங்கியதுமே அடுத்த தொகுதியைக் கொண்டுவரும்படி நிரல் எழுதியிருக்கிறார்கள். தொடர்பு முகவரி, விதிமுறை எல்லாம் அந்தப் பட்டியலுக்கும் கீழே. சரக்கு தீரும்வரை அங்கே போய்ச் சேர முடியாது. வேகமான இணைப்பில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். மெதுவான இணைப்பிலாவது தொட ஒரு கணம் கிடைக்கும்!

தானாக ஏற்றுவதை நிறுத்திவிட்டு 'மேலும் காட்டு' என்று ஒரு பொத்தான் வைத்தால் போதும். அழுத்தாதவரை பக்கம் அசையாது, அடிப்பகுதி அதன் இடத்திலேயே இருக்கும். முதல் இரண்டு தொகுதிகளைத் தானாக விட்டு, பிறகு பொத்தானைக் காட்டுவதும் நல்ல சமரசம். தானியங்கிதான் வேண்டும் என்றால், அந்த இணைப்புகளை மேலே உள்ள பட்டியலுக்கோ ஓரப் பட்டைக்கோ மாற்றிவிட வேண்டும்.

கூகுள் தேடலே 2022இல் கணினியில் தொடர் உருட்டலைக் கொண்டுவந்து, 2024இல் பக்க எண்களுக்குத் திரும்பிவிட்டது. பழைய பக்க எண்ணுக்கு இன்னொரு வசதியும் உண்டு: ஐந்தாம் பக்கத்தில் பார்த்த புடவையை நாளை மறுபடி எடுக்கலாம்.