துயர விடுமுறை: சட்டம் தருவதும் வீடு கேட்பதும்

குடும்பத்தில் ஒரு மரணம் நிகழ்ந்தால் அலுவலகங்கள் பொதுவாக உடனடியாகவே செயற்படுகின்றன. மலர்வளையம் அனுப்பப்படுகிறது. சக ஊழியர்கள் வாகனம் ஒழுங்கு செய்து மரண வீட்டுக்குச் சென்று வருகின்றனர். சிக்கல் அதன் பின்னரே தொடங்குகிறது. ஊழியருக்கு எத்தனை நாள் விடுமுறை, அவரது வேலையை யார் பார்ப்பது என்ற இரு கேள்விகளுக்கும் பெரும்பாலான தனியார் நிறுவனங்களிடம் ஆயத்தமான பதில் இல்லை.

இலங்கையில் கடைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோரின் விடுமுறையை 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்குபடுத்துகின்றது. அதன்படி ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும் உண்டு. மரணத்துக்கெனத் தனியான விடுமுறை எதுவும் அதில் இல்லை. சொந்த அலுவல், சுகவீனம், துக்கம் எல்லாம் அந்த ஏழு நாட்களுக்குள்ளேயே அடங்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரின் நிலை இதனினும் கடினமானது. முதலாம் ஆண்டில் நிறைவு செய்த ஒவ்வோர் இரு மாதத்துக்கும் ஒரு நாள் அமய விடுமுறையே அவருக்குக் கிடைக்கும். வருடாந்த விடுமுறை அடுத்த ஆண்டிலேயே வரும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்தில் மார்ச் முதலாம் திகதி கணக்கு எழுதுவினைஞராகச் சேர்ந்த ஒரு பெண்ணின் தந்தை, ஒக்டோபர் 24ஆம் திகதி சாவகச்சேரியில் காலமாகிறார் எனக் கொள்வோம். எட்டாம் நாட் செலவு 31ஆம் திகதி வருகின்றது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நவம்பர் 23ஆம் திகதி. எட்டாம் நாள்வரை ஊரில் தங்க, வார இறுதி நீங்கலாக ஏறத்தாழ ஆறு வேலைநாட்கள் வேண்டும். அந்தியேட்டிக்கு இரவுப் பயணத்தையும் சேர்த்து இன்னும் இரண்டு நாட்கள். ஆக எட்டு நாட்கள். அவர் நிறைவு செய்திருப்பது ஏழு மாதங்களே ஆதலால், சட்டப்படி அவருக்குரியவை மூன்று நாட்கள் மாத்திரமே. அவற்றுள் ஒன்றைக் காய்ச்சலுக்கு எடுத்திருந்தால் எஞ்சுவது இரண்டு.

நிறுவனம் ஐந்து நாள் சம்பளத்துடனான துயர விடுமுறையை வழங்குமாயின் முதற்குறிப்பிட்ட இடைவெளி அப்படியே நிரம்பிவிடும். ஆனால் 'மரணம் நிகழ்ந்த நாளிலிருந்து தொடர்ச்சியாக' என்ற நிபந்தனை விதிக்கப்பட்டால் அந்தியேட்டிக்கு ஒரு நாளும் மிஞ்சாது போகலாம். எனவே, அந்த நாட்களை இரு மாதங்களுக்குள் பிரித்து எடுக்கலாம் என்று விதியிலேயே எழுதிவைத்தல் வேண்டும். பௌத்தர்களுக்கு ஏழாம் நாளும் மூன்றாம் மாதத் தானமும் உண்டு. அவர்களைப் பணிக்கு அமர்த்தியுள்ள நிறுவனங்கள் இரு மாதம் என்பதை நான்காக்குவது பொருத்தம். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார். இதனை எந்தத் துயர விடுமுறையும் ஈடுசெய்யாது. சம்பளமற்ற விடுமுறை, வீட்டிலிருந்து செய்யக்கூடிய பணி ஆகியவற்றை அவருடன் முன்கூட்டியே பேசி முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது வேலை. மேற்சொன்ன எடுத்துக்காட்டில், எட்டாம் நாட் செலவு மாத இறுதியில் விழுகின்றது. அன்றுதான் சம்பளம் வழங்கவேண்டும். செப்டெம்பர் மாதத்துக்குரிய ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்பைச் செலுத்துவதற்கான இறுதி நாளும் அதுவே. தவறினால் மேலதிகக் கட்டணம் அறவிடப்படும். ஆகவே செய்தி கிடைத்த அன்றே மேலாளர் அவரது வேலைகளைத் திகதி தவறக்கூடாதவை, காத்திருக்கக்கூடியவை என இரண்டாகப் பிரித்து எழுதவேண்டும். முன்னையவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பொறுப்பாளரின் பெயரைக் குறிக்கவேண்டும். 'எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை. பின்னையவற்றை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் அவை தாமதமாகும் என்பதை வாடிக்கையாளருக்கு அறிவிக்கவேண்டும்.

கோப்பு எங்கே, கடவுச்சொல் என்ன என்று மரண வீட்டுக்குத் தொலைபேசி அழைப்புகள் போகத் தொடங்கினால், ஒழுங்கு சரியில்லை என்பது தெளிவு. கேள்விகளை ஒருவரே திரட்டி, ஊழியர் விரும்பும் நேரத்தில் ஒரேயொரு முறை கேட்பது நன்று. கடவுச்சொல்லைக் கேட்பதற்குப் பதிலாக, பதிலாளுக்குத் தற்காலிக அனுமதியை வழங்கவேண்டும்.

அவர் திரும்பி வரும் நாளில் மேசையில் வேலை குவிந்திருந்தால் கொடுத்த விடுமுறை கடனாகவே மாறிவிடும். பதிலாள் இன்னும் ஒரு வாரமாவது உடனிருந்து பகிர்ந்துகொள்ள வேண்டும். துக்கத்தில் இருப்பவருக்குக் கவனம் சிதறுவது இயல்பு. ஒரே தொகையை இருமுறை பதிவது, பழக்கமான படிவத்தில் பிழைவிடுவது போன்றவை அதன் அடையாளங்கள். அவற்றைத் திறமைக் குறைவாகக் கணித்து எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பது தவறு. கொடுப்பனவுகளை அந்த மாதத்தில் இன்னொருவர் சரிபார்ப்பதே போதுமான பாதுகாப்பு. மரணச் சான்றிதழ், வங்கி, பிரதேச செயலகம் என அலையவேண்டிய நாட்களும் பின்னர் வரும். அவற்றுக்கு முழுநாள் விடுமுறை தேவைப்படாது. இரண்டு மணி நேர அனுமதியே பெரிய உதவியாகும்.

இவை யாவும் ஒரு பக்கத்தில் எழுதிவிடக்கூடிய விதிகள். எழுதப்படாதவிடத்து, மேலாளருக்கு நெருக்கமானவருக்கு எட்டு நாளும் சிற்றூழியருக்கு இரண்டு நாளும் கிடைப்பதே நடைமுறையாகிவிடும்.