ரிமார்க்ஸ் கட்டத்தில் யாருடைய வார்த்தை?

காலாண்டுத் தேர்வு முடிந்திருக்கிறது. வகுப்பாசிரியை 40 பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டில் 'ரிமார்க்ஸ்' எழுதியாக வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடும். சாட்ஜிபிடியிடம் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தால் சில நிமிடங்களில் வேலை முடிகிறது. விடைத்தாள் கட்டோடு வீட்டுக்குப் போகிறவர் அதைச் செய்வதில் ஆச்சரியமில்லை.

ஆயத்த வாக்கியங்கள் புதிதல்ல. 2009-ல் சிபிஎஸ்இ கொண்டுவந்த சிசிஇ முறையில், பிள்ளையின் பழக்கவழக்கம், ஈடுபாடு பற்றியும் எழுத வேண்டியிருந்தது. அப்போதும் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டவர்கள் உண்டு. ஆனால் பட்டியல் வாக்கியம் பார்த்தவுடனே தெரிந்துவிடும். இப்போது வருவதோ அந்தப் பிள்ளைக்கென்றே எழுதியது போல இருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

ஏழாம் வகுப்பு மாணவி, தமிழ் 91, கணக்கு 58 என்று மட்டும் கொடுத்தால் இப்படி ஏதாவது வரும்: 'மொழிப்பாடத்தில் சிறந்து விளங்குகிறார். குழுச் செயல்பாடுகளில் ஆர்வத்துடன் பங்கேற்கிறார். கணிதத்தில் தொடர் பயிற்சி தேவை.' முதலும் கடைசியும் மதிப்பெண்ணிலிருந்து வந்தவை. நடுவில் உள்ளது எங்கிருந்து வந்தது? அவள் குழுவில் வாயே திறக்காதவளாக இருக்கலாம். தகவல் போதாதபோது, இந்த மாதிரி இடத்தில் வழக்கமாக வரும் வாக்கியத்தைப் போட்டு மென்பொருள் நிரப்பிவிடுகிறது. யாரும் பார்க்காத ஒன்றுக்கு ஆசிரியை கையெழுத்துப் போடுகிறார்.

அதே இடத்தில் 'பின்னங்களைக் கூட்டும்போது பகுதியைச் சமமாக்காமல் விட்டுவிடுகிறாள், சந்தேகம் கேட்கக் கூச்சப்படுகிறாள்' என்று ஆசிரியை ஒரு வரி கொடுத்திருந்தால், வாக்கியத்தை யார் கோத்தாலும் அம்மாவுக்கு அது உதவும். என்னைக் கேட்டால், அந்த ஒரு வரி இருக்கும்வரை மீதியை இயந்திரம் எழுதுவதில் குறையில்லை.

பள்ளி நிர்வாகங்களுக்கு இது பிடிக்கவே செய்யும். எழுத்துப்பிழை இல்லை, பெற்றோர் சண்டைக்கு வரும்படி கடுஞ்சொல்லும் இல்லை. ஆனால் அந்த மென்மைக்கு ஒரு விலை உண்டு. 'வீட்டுப்பாடம் கொண்டுவருவதே இல்லை' என்பது 'நேர மேலாண்மையில் கூடுதல் கவனம் செலுத்தலாம்' என்று மாறிவிடும். அப்பாவுக்கு விஷயமே போய்ச் சேராது. வாட்ஸப் குழுவில் இரண்டு தாய்மார்கள் கார்டுகளை ஒப்பிட்டு, ஒரே வாக்கியத்தைக் கண்டுபிடித்தால், உண்மையாக எழுதிய வரியையும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று, பிள்ளையின் பெயர். 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பெயரோடும் குடும்ப நிலவரத்தோடும் வெளி நிறுவனத்தின் செயலியில் தட்டுவதற்குப் பதில், 'மாணவர் 17' என்று கொடுத்துவிட்டு, பெயரைப் பிறகு கையால் சேர்க்கலாம்.

பெற்றோர் கூட்டத்தில் 'நீங்களா எழுதினீங்க, மிஸ்?' என்று கேட்டால் சங்கடம்தான் மிஞ்சும். 'குழுவில் நல்லா பங்கேற்கிறாள்னு போட்டிருக்கீங்களே, எந்த வேலையில மிஸ்?' என்று கேட்டுப் பாருங்கள்.