ஆங்கிலச் சொல்லை எடுத்த இடத்தில் எதை வைப்பது?

சமையல் குறிப்பு எழுதுபவர் ஒருவரின் கையெழுத்துப் படி இப்படி இருக்கலாம்: “குக்கரில் ஆயில் ஹீட் ஆனதும், ஸ்மால் பீஸாகக் கட் பண்ணிய ஆனியனை ஆட் பண்ணி, கோல்டன் கலர் வரும் வரை ஃப்ரை பண்ணவும். டொமாட்டோவை ஆட் பண்ணி மேஷ் ஆகும் வரை குக் பண்ணவும். மசாலா பவுடர், சால்ட், ஒரு கப் வாட்டர் ஆட் பண்ணி மிக்ஸ் பண்ணவும். குக்கரை க்ளோஸ் பண்ணி, மூன்று விசில் வந்ததும் ஸ்டவ்வை ஆஃப் பண்ணவும்.”

இதைத் தமிழாக்க முனைபவர் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் மாற்றுவார். எண்ணெய் ‘வெப்பமடையும்’, வெங்காயம் ‘இணைக்கப்படும்’, குக்கர் ‘அழுத்தச் சமையற்கலன்’ ஆகிவிடும், மூன்று ‘சீழ்க்கையொலி’ கேட்கும். ஆங்கிலம் போய்விட்டது, ஆனால் எந்த வீட்டு அடுப்படியிலும் இப்படி யாரும் பேசுவதில்லை.

கோளாறு பெயர்ச்சொற்களில் அதிகம் இல்லை. ஆனியன் வெங்காயமாவதும் சால்ட் உப்பாவதும் எளிது. சிக்கல் எல்லாம் ‘பண்ணு’ என்ற சொல்லை ஒட்டியே வருகிறது. ஆங்கில வினை தமிழுக்குள் வரும்போது தனியாக நிற்காது; ‘பண்ணு’வையோ ‘ஆகு’வையோ துணைக்குப் பிடித்துக்கொண்டுதான் வரும். ‘கட்’டை மட்டும் உருவிவிட்டு ‘வெட்டுதல் செய்யவும்’ என்று எழுதினால் அந்தத் துணை அப்படியே தங்கிவிடுகிறது. ‘கட் பண்ணு’ முழுவதையும் ஒன்றாக எடுத்துவிட்டு ‘நறுக்கு’ என்ற ஒரே வினையை வைப்பதே சரியான வழி.

அப்படி வைக்கும்போதுதான் ஆங்கிலச் சொல் எத்தனை வேறுபாடுகளை மூடி வைத்திருந்தது என்பது தெரியவரும். மேலே உள்ள பத்தியில் ‘ஆட் பண்ணி’ மூன்று முறை வருகிறது. தமிழ்ச் சமையலில் வெங்காயத்தைப் போடுவார்கள், தண்ணீரை ஊற்றுவார்கள் அல்லது விடுவார்கள், கொத்தமல்லியைத் தூவுவார்கள், எலுமிச்சையைப் பிழிவார்கள். எல்லாவற்றுக்கும் ‘சேர்க்கவும்’ என்றே எழுதினால் பிழையில்லை, சுவையுமில்லை. ‘ஃப்ரை’யும் அப்படித்தான். ரவையை வறுக்கிறோம், வெங்காயத்தை வதக்குகிறோம், அப்பளத்தைப் பொரிக்கிறோம். வெங்காயத்தை ‘வறுக்கவும்’ என்று எழுதினால் சமைப்பவர் ஒரு நொடி தயங்குவார். ‘ஹீட்’டுக்கு இன்னும் நுட்பமான பிரிவு உண்டு: பாலைக் காய்ச்ச வேண்டும், எண்ணெய் காய வேண்டும், நேற்று வைத்த குழம்பைச் சுட வைக்க வேண்டும். ஆகவே அகராதியைத் திறந்து இணைச்சொல் தேடுவதற்கு முன், அந்த வினை எந்தப் பொருளின் மேல் நடக்கிறது என்று பார்ப்பது நல்லது. வினையைத் தேர்ந்து தருவது அந்தப் பொருள்தான்.

சில இடங்களில் சொல்லை மட்டுமல்ல, தொடரையே கலைக்க வேண்டியிருக்கும். ‘ஸ்மால் பீஸாகக் கட் பண்ணிய’ என்பதற்குத் தமிழில் ‘பொடியாக நறுக்கிய’ போதும். ‘துண்டு’ என்ற சொல்லே வேண்டாம். ‘மேஷ் ஆகும் வரை குக்’ என்பது ‘குழைய வதக்கவும்’ என்று சுருங்கும். ‘ஸ்டவ்வை ஆஃப் பண்ணவும்’ என்பது ‘அடுப்பை அணைக்கவும்’ ஆகும்.

திருத்திய பத்தி: “குக்கரில் எண்ணெய் காய்ந்ததும், பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் போட்டுப் பொன்னிறமாக வதக்கவும். தக்காளியைப் போட்டுக் குழைய வதக்கவும். மசாலாத்தூள், உப்பு போட்டு, ஒரு கப் தண்ணீர் விட்டுக் கிளறவும். குக்கரை மூடி, மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கவும்.” மூலத்தைவிட இது குறுகியது. திருத்தம் நீண்டுகொண்டே போனால் எங்கோ சொல்லுக்குச் சொல் மாற்றம் நடக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

குக்கர், விசில், கப் ஆகிய மூன்றும் இதில் அப்படியே நிற்கின்றன, வேண்டுமென்றே விடப்பட்டவை. குக்கரும் விசிலும் பொருளோடு வந்து வீட்டுச் சொல்லாகிவிட்டவை. மேசையும் ஜன்னலும் சாவியும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை என்பது இன்று யாருக்கும் உறுத்துவதில்லையே. கப் நிற்பதற்குக் காரணம் வேறு: அது ஓர் அளவு. ‘டம்ளர்’ என்று மாற்றினால் வீட்டுக்கு வீடு தண்ணீர் கூடும், குறையும். (டம்ளரும் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான் என்பது வேறு கதை.) டீஸ்பூனைத் தேக்கரண்டி என்றும் டேபிள்ஸ்பூனை மேசைக்கரண்டி என்றும் எழுதலாம், இரண்டும் பத்திரிகைகளில் பழகியவை, அளவும் முறையே 5 மில்லி, 15 மில்லி என்று மாறாமல் நிற்கும். இரண்டையும் வெறும் ‘கரண்டி’ என்று எழுதிவிட்டால் தமிழ் நன்றாகத்தான் இருக்கும். குழம்பில் மிளகாய்த்தூள் மூன்று மடங்காகிவிடக்கூடும்.