எச்.ஐ.வி. மாத்திரையும் சங்கு பற்பமும்

டோலுடெக்ராவிர் மாத்திரையைத் தினமும் தவறாமல் எடுத்தும் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி மீண்டும் கூடினால், "வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று மருந்தாளர் கேட்பார். காரணம் உண்டு. வயிற்றெரிச்சலுக்கு நம்மவர்கள் எடுக்கும் சங்கு பற்பம் பெரும்பாலும் கால்சியம்தான். வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்து விழுங்கினால், கால்சியம் மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் சேருவது குறையும். பற்பத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ மாத்திரையை எடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்கு. மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகைக்கு இந்த இடைவெளி உதவாது. அது கல்லீரலைத் தூண்டி மருந்தை விரைவில் வெளியேற்றிவிடும். அதைத் தவிர்ப்பதே வழி.

தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று தெமியாங்கில் மருந்தெடுக்கத் தயங்கி நாள் தவறவிடுபவர்கள், வேறு அரசு கிளினிக்கில் பெறும் எஸ்.பி.யு.பி. முறை தங்களுக்குக் கிடைக்குமா என மருந்தகத்தில் கேட்கலாம்.